எதை, எவ்வாறு, எவர்க்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழைப் பகுதியில், அறந்தாங்கியினின்று ஆவுடையார்கோயிலுக்கும் மணமேல்குடிக்கும் செல்லும் வழிகளில், தைத் திங்களின் கடைசியிலும் மாசியிலும் நெற்குவியல்களைக் காணலாம். கல்லணைக் கால்வாயின் கடைமடையிலும் கண்மாய்ப் பாய்ச்சலிலும் விளைந்த சம்பா நெல், அரசின் கொள்முதல் நிலையத்தின் முன் தார்ப்பாய் போர்த்துக் கிடக்கும். அதற்கு உரிய உழவன் இரவும் பகலும் அதனருகிலேயே காத்திருப்பான். சற்றுத் தொலைவில் தனி வணிகரின் சரக்குந்து நிற்கும். அரசு தரும் விலையினும் குறைவாகத்தான் வணிகர் தருவார். ஆனால் உடனே தருவார். உழவனோ வானத்தைப் பார்ப்பான், வரிசையைப் பார்ப்பான், வணிகரின் சரக்குந்தைப் பார்ப்பான்.

பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்லும் செய்தி முழுவதும் அந்த ஒரு குவியலில் அடங்கியிருக்கின்றது. எந்த நாடாயினும், எந்தக் காலமாயினும், ஒரு குமுகாயம் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லியே ஆகல் வேண்டும். எதை விளைப்பது? எவ்வாறு விளைப்பது? விளைந்தது எவர்க்குப் போய்ச் சேர்வது? நிலமும் நீரும் உழைப்பும் அளவுக்கு உட்பட்டனவாகலின், நெல் விளையும் வயலில் அதே பருவத்தில் வரகு விளையாது. ஒருவன் உண்ட சோற்றை மற்றொருவன் உண்ண இயலாது. ஆகவே எவரேனும் முடிவு செய்தாக வேண்டும். மேலிருந்து வரும் கட்டளை முடிவு செய்யுமாயின் அஃது ஆணைப் பொருளியல். வாங்குவோரும் விற்போரும் கூடும் இடத்தில் எழும் விலை முடிவு செய்யுமாயின் அது சந்தைப் பொருளியல். சிலவற்றை ஆணையும் சிலவற்றை விலையும் முடிவு செய்யுமாயின் அது கலப்புப் பொருளியல். இம்மூன்றும் நெல்லின்வழியே தமிழ்நாட்டு மக்கள் நேரிற் கண்டவை. அதனால், ஏட்டிற் கண்ட கொள்கைகளைக் கொண்டன்றி, நெல்லைக் கொண்டே இவற்றை எடைபோடுதல் தகும்.

ஆணையின் முறை

முதலில் ஆணையை நோக்குக. 1980-களில் தஞ்சை மாவட்டம் முதலாய விளைபகுதிகளினின்று நெல்லை வெளியே கொண்டுசெல்வதற்குத் தமிழ்நாட்டரசு தடை விதித்திருந்தது. நடுவணரசின் 1955-ஆம் ஆண்டு இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ்ப் பெற்ற அதிகாரத்தால் 1982-இல் பிறப்பிக்கப்பெற்ற ஆணை அதற்கு அடிப்படை. உழவரும் வணிகரும் வழக்காடினர். 1985-இல் தில்லி உச்ச முறைமன்றம் அத்தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அரசின் நோக்கம் தீயதன்று. விளைபகுதியில் மிகும் நெல் வணிகர் கைக்குப் போகாமல் அரசின் கொள்முதலுக்கு வந்தால்தான், பங்கீட்டுக் கடைகளுக்கு அரிசி கிடைக்கும் என்பது அதன் கணக்கு. ஆயினும் அத்தகைய தடை என்ன செய்யும் என்பதையும் எண்ணல் வேண்டும். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே மலையும் இல்லை, கடலும் இல்லை. ஒரே மழை, ஒரே மொழி, ஒரே உறவு. அவ்விடத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் நெல் செல்லலாகாது என்றால், மிகுதியாக விளைந்த பக்கத்தில் விலை தாழும். பற்றாக்குறைப் பக்கத்தில் விலை உயரும். விலை வேற்றுமை பெருகப் பெருக, இரவில் கோட்டைக் கடப்பவர்க்கு ஊதியம் பெருகும். காவற்சாவடியில் நிற்பவர் கைக்கும் ஒரு விலை ஏற்படும். ஆணையை மீறுவதே ஒரு தொழிலாகிவிடும்.

எனினும் ஆணையின் பெருங்குறை கடத்தலன்று. செய்தி பொய்த்துப் போதலே. மேலிருந்து கட்டளையிடுபவன் கீழே என்ன விளைந்தது என்பதை அறிந்தாலன்றிச் சரியான கட்டளை இடமாட்டான். அவனுக்கு அச்செய்தியைச் சொல்ல வேண்டியவர்களோ அவனுக்கு அஞ்சி வாழ்பவர்கள். சீனத்தில் நடந்தது இதுவே. 1953-இல் அந்நாட்டரசு கூலத்தை வாங்கும் உரிமையையும் விற்கும் உரிமையையும் தன் ஒரு கையில் எடுத்துக்கொண்டது. 1958-இல் உழவர் நிலங்கள் பெருங்கூட்டுப் பண்ணைகளாக இணைக்கப்பெற்றன. ஊர்த் தலைவர்கள் மேலிடத்தை மகிழ்விக்க, விளைந்ததைப் பன்மடங்கு மிகுத்துக் கணக்குக் காட்டினர். மேலிடம் அக்கணக்கை நம்பி, அதற்கேற்ற பங்கைக் கேட்டது. இல்லாத விளைச்சலுக்குரிய பங்கை, இருந்த நெல்லினின்று எடுத்துக் கொடுத்தபின், விளைத்தவனுக்கு உண்ண எஞ்சவில்லை. 1959 முதல் 1961 வரை அந்நாட்டிற் பட்டினியால் மாண்டோர் கோடிக்கணக்கானோர். அவருட் பெரும்பாலோர் கூலம் விளைத்த ஊர்ப்புற மக்களே என்பதை மறத்தல் கூடாது. 'எவர்க்கு' என்னும் வினாவுக்கு 'எல்லார்க்கும்' என்று விடை சொல்லத் தொடங்கிய முறை, 'எதை, எவ்வளவு' என்னும் வினாவிற் பொய் சொன்னதால், இறுதியில் எவர்க்கும் சோறிடவில்லை.

சந்தையின் முறை

ஆணை தோற்றதாகலின் சந்தையே வென்றது என்று உடனே முடிவு கட்டுவோர் உளர். சந்தைக்கு ஓர் ஆற்றல் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. சந்தையில் எவரும் எவர்க்கும் அறிக்கை எழுத வேண்டுவதில்லை. சன்ன அரிசியை மக்கள் விரும்பினால் அதன் விலை ஏறும். விலை ஏறிய செய்தி, கட்டளை ஏதுமின்றியே, ஆலங்குடி உழவனுக்கும் திருமயம் உழவனுக்கும் சென்று சேரும். பொய்ச் செய்தி சொன்னவன் தன் பணத்தையே இழப்பானாகலின் அங்குப் பொய்க்கு இடம் குறைவு.

1952-இல் சென்னை மாநிலத்தில் இது விளங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலந்தொட்டு அரிசி பங்கீட்டில் இருந்தது. அவ்வாண்டு முதலமைச்சரான இராசகோபாலாச்சாரியார், பதவியேற்ற சில திங்களுக்குள், சூன் திங்களில், உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாடு நீங்கினால் அரிசி மறையும், விலை வானளாவும் என்று அஞ்சியவர் பலர். அவ்வாறு நேரவில்லை. கட்டுப்பாட்டுக்கு அஞ்சி ஒளித்து வைக்கப்பட்டிருந்த நெல் வெளியே வந்தது. அவரை மற்றவற்றிற் கடுமையாக எதிர்த்தோரும் இந்நிகழ்ச்சியை மறுத்தற்கில்லை.

ஆயினும் சந்தை முதலிரண்டு வினாக்களுக்குச் சொல்லும் விடை எத்துணைத் திறமையானதோ, மூன்றாம் வினாவுக்குச் சொல்லும் விடை அத்துணைக் கொடியதாகவும் ஆகலாம். சந்தையின் காதுக்குப் பசியின் ஓசை கேளாது. பணத்தின் ஓசையே கேட்கும். பசியுள்ளவன் கையில் காசு இல்லையெனில், சந்தையின் கணக்கில் அவனுக்குத் தேவையே இல்லை என்று பொருள். 1943-இல் வங்காளத்தில் முப்பது இலக்கம் என மதிப்பிடப்பெறும் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு குறைந்ததினும் வாங்கும் வலிமை குறைந்ததே முதற்கரணியம் என நிறுவினார். போர்ச் செலவால் பணம் பெருகி அரிசி விலை பன்மடங்கு ஏறியது; ஊர்ப்புறக் கூலியாளின் கூலி அவ்வாறு ஏறவில்லை. கல்கத்தா நகரத் தொழிலாளர்க்குக் குறைந்த விலையில் உணவு அளிக்க ஏற்பாடு இருந்தது. ஊரில் நெல்லறுத்த கூலியாளுக்கோ, மீன்பிடித்தவனுக்கோ, முடிதிருத்தியவனுக்கோ அஃதில்லை. செத்தவர் அவர்களே. சந்தை அங்கு இயங்காமற் போகவில்லை, இயங்கியபடியே கொன்றது.

கலப்பின் கணக்கு

இவ்விரண்டு பாடங்களையும் கற்ற பின்னர் அமைந்ததே இன்றைய கலப்பு முறை. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் தாங்கு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும் அமைந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. இன்று உழவன் எவர்க்கும் நெல்லை விற்கலாம். எல்லையைக் கடந்தும் விற்கலாம். ஆனால் வணிகன் விலையைத் தாழ்த்தினால், அரசின் கொள்முதல் நிலையம் ஓர் அடிமட்ட விலை கொடுத்து வாங்கும். அந்நெல் அரிசியாகிப் பங்கீட்டுக் கடைக்குச் செல்லும். இதுவே அமைப்பு. இவ்வமைப்பில் மூன்று வினாக்களுக்கும் விடை சொல்வோர் எவர் என்று ஒரு காணி உழவனின் கணக்கைக் கொண்டு காண்க.

2025-26 பருவத்துக்கு நடுவணரசு வகுத்த தாங்கு விலை, பொது வகை நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 உருபா. சன்ன வகைக்கு 2,389 உருபா. தமிழ்நாட்டரசு அவற்றின்மேல் முறையே 131 உருபாவும் 156 உருபாவும் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக உழவன் கைக்கு வருவது பொது வகைக்கு 2,500. சன்ன வகைக்கு 2,545. இரண்டிற்கும் வேற்றுமை 45 உருபாவே.

ஓர் உழவன் பொது வகை விதைத்து 40 கிலோ மூட்டையில் 50 மூட்டை, அஃதாவது 20 குவிண்டால், கண்டான் என்க. அவன் பெறுவது 50,000 உருபா. அதே நிலத்தில் சன்ன வகை விதைத்திருந்தால் ஐந்து மூட்டை குறைந்து 18 குவிண்டால் கிடைத்திருக்கும் எனக் கொள்க. அப்போது அவன் பெறுவது 45,810 உருபா; இழப்பு 4,190 உருபா. அவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டுமாயின், சன்ன நெல்லைத் தனி வணிகர் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 2,780 உருபாவுக்கு வாங்குதல் வேண்டும். அவ்விலை அறுவடை நாளில் கிடைக்கும் என்று எவரும் அவனுக்கு உறுதி சொல்வதில்லை. 2,500 உருபாவுக்கு அரசு உறுதி சொல்கின்றது. ஆகவே அவன் எதை விதைப்பான் என்பது விதைக்குமுன்னரே முடிவாகிவிட்டது. 'எதை' என்னும் வினாவுக்கு இங்கு விடை சொன்னது உழவனும் அல்லன், உண்பவனும் அல்லன், தில்லியில் வகுத்த விலையும், தில்லியும் சென்னையும் சேர்ந்து வைத்த 45 உருபா வேற்றுமையுமே.

இனி, வரகும் சாமையும் கேழ்வரகும் விளைந்த இம்மாவட்டத்துப் புன்செய்களை எண்ணுக. 2025-26-இல் கேழ்வரகின் தாங்கு விலை குவிண்டாலுக்கு 4,886 உருபா. நெல்லின் விலையைப்போல் இருமடங்கு. அவ்வாறாயின் உழவர் அனைவரும் கேழ்வரகுக்கு மாறியிருக்க வேண்டுமன்றோ? மாறவில்லை. விலை தாளில் இருந்தால் போதாது. அவ்விலைக்கு வாங்குவோன் தராசுடன் ஊரில் வந்து நிற்றல் வேண்டும். நெல்லுக்கு அவ்வாறு நிற்கின்றான். வரகுக்கும் சாமைக்கும் தாளில்கூட விலை வகுக்கப்படவில்லை. அதனோடு, அரிசி விலையின்றிக் கிடைக்கும் வீட்டில், காசு கொடுத்து வரகு வாங்குவோர் எத்தனைபேர்? புன்செய்க் கூலங்கள் மறைந்தமைக்கு மக்களின் நாவைக் குறைசொல்வோர், இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

'எவ்வாறு' என்னும் வினாவுக்கும் விடை சொல்வது வேறொரு கை. வேளாண் நீரிறைப்பொறிகளுக்கு மின்கட்டணம் இல்லை. ஆகலின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு உழவன் கணக்கில் விலை இல்லை. நிலத்தின் கணக்கில் உண்டு. கண்மாயைத் தூர்வாரும் ஊர்க்கூட்டு உழைப்பினும் பொத்தானை அழுத்துதல் எளிதாகின்றது. அறுவடைக்கு ஆள் கிடைக்காமையால் பொறி வந்தது. கையால் அறுத்த காலத்தில் கதிர் களத்தில் காய்ந்தபின் அடித்தனர்; ஊர் நெல் பல நாட்களிற் சிறிது சிறிதாக வந்தது. பொறி அறுத்தாலோ ஊர் முழுதும் நாலைந்து நாட்களில் முடியும். நெல் ஈரமாகவே குவியும். கொள்முதல் நிலையத்தில் ஒரே நேரத்தில் நெரிசல் ஏற்படுவதன் கரணியங்களுள் இதுவும் ஒன்று.

அந்நெரிசலில்தான் உழவன் மெய்யாகவே தோற்கின்றான். கொள்முதல் விதி 17 விழுக்காட்டு ஈரத்துக்கு மேற்பட்ட நெல்லை ஏற்காது. 20 விழுக்காடு ஈரமுள்ள 20 குவிண்டாலை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எடை 72 கிலோ குறையும், எஞ்சிய 19.28 குவிண்டாலுக்கு 48,200 உருபா வரும். வணிகர் ஈர நெல்லையே குவிண்டால் 2,000 உருபாவுக்குக் கேட்கின்றார் என்க. அது 40,000 உருபா. உலர்த்திக் காத்திருந்தால் 8,200 உருபா மிகுதி. ஆனால் இடையில் மழை பெய்து நெல் முளைவிட்டால் இரண்டும் இல்லை. எனவே தாங்கு விலையின் உண்மை மதிப்பு அறிவிப்பில் இல்லை. நிலையம் எந்நாளில் திறக்கின்றது, நாளொன்றுக்கு எத்தனை மூட்டை எடை போடுகின்றது, சாக்கு இருக்கின்றதா, எடுத்துச்செல்லச் சரக்குந்து வருகின்றதா என்பனவற்றிலேயே உள்ளது. ஊரில் வணிகர் கேட்கும் விலைக்கும் அரசு விலைக்கும் இடைவெளி அகலுமாயின், நிலையம் பெயரளவில் மட்டும் திறந்திருக்கின்றது என்று எவரும் கண்டுகொள்ளலாம். காத்திருக்க இயலாதவன் சிற்றுழவனே. ஆகவே அடிமட்ட விலை யாருக்காக வகுக்கப்பட்டதோ, அவனுக்கே முதலில் கைநழுவுகின்றது.

2023 பிப்ரவரியில் பருவந்தவறிய மழையால் காவிரிப் படுகையின் நெல் நனைந்தது. ஈர வரம்பை 20 விழுக்காடாக உயர்த்தும் அதிகாரம் தமிழ்நாட்டரசிடம் இல்லை. முதலமைச்சர் தில்லிக்கு எழுதினார். நடுவணரசின் குழு வந்து பார்த்தது. அதன் பின்னரே தளர்வு கிடைத்தது. நெல் முளைக்க அத்துணை நாள் வேண்டுவதில்லை.

'எவர்க்கு' என்னும் மூன்றாம் வினாவிலோ தமிழ்நாடு தனக்கெனச் சொன்ன விடை பெருமைக்குரியது. 1997-இல் நடுவணரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கே சலுகை விலை என்று பங்கீட்டைப் பிரித்தது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்காமல் எல்லார்க்கும் பொதுவாக வைத்துக்கொண்டது. 2011 சூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் அரிசி வழங்குகின்றது. பல அட்டைகளுக்கு உச்ச அளவு 20 கிலோ. வங்காளத்து ஊர்ப்புறக் கூலியாளுக்கு 1943-இல் இல்லாதது, அன்னவாசலின் கூலியாளுக்கு இன்று உண்டு. அதன் பொருட்டு ஆகும் செலவை வீண் என்போர், பசியின் விலையை ஒருநாளும் கொடுத்தறியாதவர்.

அங்கும் குறையுண்டு. பங்கீட்டு அரிசி கடத்தப்பட்டு மாவரைப்போர்க்கும், கோழித் தீவனத்துக்கும், அண்டை மாநிலங்களுக்கும் போகின்றது. இதைத் திருடரின் தீக்குணம் என்று மட்டும் சொல்லி விடுதல் போதாது. ஒரே பண்டத்துக்கு ஓரிடத்தில் விலையின்மையும் ஓரிடத்தில் விலையும் இருக்குமாயின், அன்று தஞ்சை எல்லையிற் பாய்ந்த அதே நீர் இன்றும் பள்ளம் நோக்கியே பாயும். அன்றியும், கிடைத்த அரிசியை ஒரு வீட்டார் உண்ணாமல் விற்கின்றனர் என்றால், 'எதை' என்னும் வினாவில் அவரைக் கேளாமல் முடிவு செய்யப்பட்டது என்பதே அதன் பொருள்.

தீர்வு எங்கே?

ஆகவே ஆணையா, சந்தையா, கலப்பா என்னும் வழக்கு பொதுவில் வைத்துத் தீர்க்கத்தக்கதன்று. எவ்வினாவுக்கு எம்முறை என்று பிரித்துத் தீர்க்கத்தக்கது. 'எவர்க்கு' என்பதைச் சந்தையிடம் விடலாகாது. அதன் காது பசிக்குச் செவிடு. 'எதை' என்பதை ஆணையிடம் மட்டும் விடலாகாது. அதன் கண் தொலைவிற் பார்வையற்றது. கலப்பு முறையின் இடர், இரண்டும் கலந்திருத்தல் அன்று. விலை வகுப்பவர் ஒருவர். ஈர வரம்பு வகுப்பவர் அவரே. மின்விசை தருபவர் மற்றொருவர். எடை போடுபவர் வேறொருவர். இழப்பை ஏற்பவன் மட்டும் உழவன். பிழை நேர்ந்தால் பொறுப்பு எவர்க்கும் இல்லை.

இதனைத் திருத்த வழியுண்டு. தாங்கு விலையையும் தர வரம்பையும் வகுக்கும் அதிகாரம் விளையும் மண்ணுக்கு அண்மையில், தமிழ்நாட்டரசிடமே இருத்தல் வேண்டும். அவ்வதிகாரத்துக்குரிய நிதியும் உடன் வருதல் வேண்டும். இன்று தில்லிமேற் பழிபோட்டுச் சென்னை தப்புதற்கு உள்ள வாயில் அப்போது அடைபடும். அடுத்து, நெல்லுக்கு நிற்கும் தராசு புன்செய்க் கூலத்துக்கும் நிற்றல் வேண்டும். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் பங்கீட்டுக் கடைவழி அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியமை இவ்வழியில் வைத்த ஓர் அடி. குளத்தூரிலும் விராலிமலையிலும் திருமயத்திலும் அவ்வூர்ப் புன்செயில் விளைவதை அரசு வாங்கி, அரிசியில் ஒரு பங்குக்கு மாற்றாக வேண்டுவோர்க்கு அளித்தால், எதை உண்பது என்பதை உண்பவரும், எதை விதைப்பது என்பதை விதைப்பவரும் முடிவு செய்வர். எவரும் பசியோடிருத்தல் ஆகாது என்பதை மட்டும் அரசு முடிவு செய்யும்.

மாசியில் மீண்டும் நெல் குவியும். அக்குவியலைக் கடந்து செல்வோர் அதனை வெறும் நெல் என்று எண்ணாதிருப்பாராக. தார்ப்பாயின்கீழ் ஈரத்தோடு கிடப்பவை அம்மூன்று வினாக்களே. அவற்றுக்கு விடை சொல்லும் உரிமை, அதனருகில் விழித்திருப்பவனுக்கு இன்னும் வரவில்லை.